சந்திரனின் பாதியளவு தூரம்

என் தங்கச்சி ஜெயகௌரி சாதகம் பொருத்தம் பார்க்கிறவள். கோண்டாவிலில் எங்கள் வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் மாட்டிய ஒரு மணிக்கூடு, வருகிறவர்களுக்கு நாலு பிளாஸ்ரிக் கதிரைகள். அவ்வளவுதான் அவளுடைய தொழிலிடம். அடுத்த அறையில் என் தையல் மெசின். நடுவில் கதவு இல்லை, ஒரு சீலைத் திரைதான். பதினைந்து வருடமாக அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்ட கதைகளில் ஒன்றை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் குறை இருக்கலாம். கணக்கில் குறை இல்லை. எழுதிய பிறகு கௌரியிடம் காட்டி ஒவ்வொரு இலக்கத்தையும் சரி பார்த்தேன்.

அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொடிகாமம் வரைக்கும் போனவள் நான். திரும்பி வந்த வருடம் அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றியது. முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். பிறகு அதில் அரை மணித்தியாலம் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் புதிய நேரத்துக்கு எழும்பினோம். அரசாங்கத்தின் கையில் இல்லாத வன்னியில் இருந்த எங்கள் சொந்தக்காரர் பழைய நேரத்துக்கே எழும்பினார்கள். ஆனையிறவுக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம், இந்தப் பக்கம் ஒரு நேரம். அந்த வயதில் கௌரி கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அப்ப அக்கா, சூரியன் எந்த நேரத்துக்கு எழும்புறவர்?"

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் அவள் சுன்னாகத்தில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் வேலைக்குப் போனாள். வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்க வருகிற சனத்துக்கு அங்கே கணினியில் சாதகமும் அடித்துக் கொடுப்பார்கள். ஒருமுறை ஒரே பிள்ளைக்கு ஒரே தகவலை வைத்து இரண்டு இடத்தில் அடித்த சாதகம் இரண்டு விதமாக வந்தது. மற்றவர்கள் மெசின் பிழை என்று விட்டுவிட்டார்கள். இவள் விடவில்லை. பிள்ளை பிறந்தது வன்னியில், புதுக்குடியிருப்பில். ஒரு மெசின் பழைய நேரமாக எடுத்தது, மற்றது புதிய நேரமாக எடுத்தது. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் படிப்பு. பஞ்சாங்கம் வாங்கினாள், புத்தகம் வாங்கினாள், கணினிக்குள் என்ன கணக்கு ஓடுகிறது என்று கையால் போட்டுப் பார்த்தாள். அவளைக் கட்டியவர் அளவெட்டிக்காரர், மின்சார சபையில் மீற்றர் வாசிக்கிறவர். அவருடைய சாதகம் இடப்பெயர்வில் துலைந்துபோனது. பொருத்தம் பார்க்காமலே கட்டினாள். "ஊருக்கெல்லாம் பாக்கிற சாத்திரியம்மா தனக்குப் பாக்கேல்லை" என்று அவர் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். "பாத்திருந்தா நீங்கள் தப்பியிருப்பியள்" என்று இவள் சொல்லுவாள்.

போன மாசி மாதம் ஒரு பின்னேரம் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது.

உரும்பிராயில் வெங்காயம் செய்கிற கேதீஸ்வரன் அண்ணை தன்னுடைய மகள் பிரசாந்தியின் கலியாணத்துக்கு நாள் வைக்க வந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் தாய் குணலட்சுமி அம்மா, சாவகச்சேரியில் இருந்து ஓட்டோவில் வந்து இறங்கினா. மாப்பிள்ளை சிவதர்ஷன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை, வவுனியாவில். பொருத்தம் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. பிரசாந்தி முன்பள்ளி ரீச்சர். அவளும் சிவதர்ஷனும் நாலு மாதமாகத் தினமும் ரெலிபோனில் கதைக்கிறார்கள். அவளுடைய கூறைச் சேலைக்கான சட்டைத் துணி என் மேசையில் வெட்டின படி கிடந்தது. அளவு கொடுக்க வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை கையை விரித்துக்கொண்டு நின்ற நேரத்திலும் ரெலிபோன் அடித்தது. "எடும், நான் இடுப்பளவை பிறகு எடுக்கிறன்" என்றேன். வெட்கத்தில் காது சிவந்துபோனது.

பொருத்தம் பார்த்தது ரொறன்ரோவில் இருக்கிற தாரிகா, மாப்பிள்ளையின் தமக்கை. எங்கள் ஊர் வழக்கம் பத்துப் பொருத்தம். தாரிகா ரெலிபோனில் ஒரு செயலி வைத்திருந்தாள். அது வடக்கு இந்திய முறை. எட்டுக் கூறு, எல்லாம் சேர்த்து முப்பத்தாறு புள்ளி. பதினெட்டுக்குக் கீழே போனால் சிவப்பு நிறத்தில் காட்டும். தம்பிக்கு வந்த சம்பந்தங்களில் இரண்டைத் தாயும் மகளும் அந்தச் சிவப்பைப் பார்த்தே வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். பிரசாந்திக்குப் பச்சை. இருபத்தொன்றரை.

"பிள்ளை, பொருத்தம் நீர் பாக்கத் தேவையில்லை. என்ரை மகள் எல்லாம் பாத்திட்டாள். நல்ல நாள் ஒண்டு வைச்சுத் தாரும், அது காணும்" என்றா குணலட்சுமி அம்மா.

"ஓம் அம்மா. நாள் வைக்கிறதுக்கும் ரெண்டு பேற்றை நட்சத்திரமும் வேணும். ஒருக்காப் பாத்திட்டு வைக்கிறன்."

"பாரும், பாரும். இருபத்தொண்டரை. பள்ளிக்கூடத்திலை இவன் எடுக்காத மாக்ஸ்."

கேதீஸ்வரன் அண்ணை சிரித்தார். "எங்கடை பிள்ளையோடை சேந்தபடியால் எடுத்திருக்கிறார் சம்மந்தி."

கௌரி குறிப்பைக் கணினியில் போட்டாள். இரண்டு வீட்டாரும் திருக்கணித பஞ்சாங்கத்தை ஏற்கிறவர்கள், அதனால் எந்தப் பஞ்சாங்கம் என்ற சிக்கல் இல்லை. பிரசாந்தி பரணி நட்சத்திரம், மேட இராசி. சிவதர்ஷன் தொண்ணூற்றேழாம் ஆண்டு, வைகாசி விசாகத்து இரவு, ஒன்று பத்துக்குப் பிறந்தவர். பிறந்த இடம் சாவகச்சேரி என்று பிறப்புச் சான்றிதழில் இருந்தது. விசாகம் மூன்றாம் பாதம், துலா இராசி. செயலி சொன்னதும் இதுதான்.

விசாகம் ஒரே இராசி வீட்டுக்குள் அடங்குகிற நட்சத்திரம் இல்லை. அதன் முதல் மூன்று பாதமும் துலாவில், நாலாம் பாதம் விருச்சிகத்தில். கௌரி கணினித் திரையில் விரலை வைத்து, சந்திரன் அந்த எல்லைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறது என்று பார்த்தாள். அவள் தட்டுவது நின்றால் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் மெசினை நிறுத்தினேன்.

"அம்மா, தம்பி பிறந்தது ஆஸ்பத்திரியிலையோ?"

"ஆஸ்பத்திரியோ! வன்னியிலை, மல்லாவியிலை ஒரு பள்ளிக்கூடக் கொட்டிலிலை பிள்ளை. நாங்கள் சாவகச்சேரியாலை இடம்பெயர்ந்து அங்கைதானே கிடந்தது. நல்ல நிலவு. விளக்கை நூத்துப்போட்டு நிலவு வெளிச்சத்திலைதான் மருத்துவிச்சி அக்கா தொப்புள்கொடி அறுத்தவ. இஞ்சை திரும்பி வந்து எவ்வளவு காலத்துக்குப் பிறகுதான் பதிவு செய்தது."

"அப்ப ஒண்டு பத்து எண்டு ஆர் பாத்தது?"

"இவன்ரை அப்பா. கைமணிக்கூட்டைப் பாத்து உடனை ஒரு துண்டிலை எழுதினவர். மணி பாக்காட்டில் பிள்ளைக்குச் சாதகம் இல்லாமல் போயிடும் எண்டு அந்த மனுசன் பிள்ளையைப் பாக்க முந்தி மணிக்கூட்டைப் பாத்தவர்."

"அந்த மணிக்கூடு பழைய நேரமோ, புது நேரமோ?"

குணலட்சுமி அம்மா சிரித்தா. "இதென்ன கேள்வி? மல்லாவியிலை ஆர் புது நேரம் வைச்சிருந்தது? அங்கை எல்லாம் பழைய நேரம்தானே."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்ன என்று அவவுக்குப் பட்டிருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

பழைய நேரம் ஒன்று பத்து என்றால் புது நேரத்தில் ஒன்று நாற்பது; கௌரி நேரத்தை அப்படி மாற்றிப் போட்டாள். துலா போய்விட்டது. விசாகம் நாலாம் பாதம், விருச்சிகம்.

"அம்மா, உங்கடை மகன்ரை இராசி துலா இல்லை. விருச்சிகம்."

"நட்சத்திரம்?"

"நட்சத்திரம் விசாகம்தான். அது மாறேல்லை."

"அப்ப என்ன பிரச்சினை?" என்றார் கேதீஸ்வரன் அண்ணை. குரலில் பயம் வந்துவிட்டது. "இருபத்தொண்டரை இருக்குத்தானே?"

"இல்லை அண்ணை. பதினேழரை."

பதினெட்டுக்கு அரைப் புள்ளி குறைவு. சிவப்பு. இரண்டு சம்பந்தத்தைச் சிவப்பு என்று திருப்பி அனுப்பின வீடு இது. என் மேசையில் கிடந்த துணியைப் பார்த்தேன். பட்டுத் துணி, மாம்பழ நிறம், கழுத்தும் கையும் வெட்டியாகிவிட்டது. இனி அது வேறு ஒருவருக்கும் பொருந்தாது.

கேதீஸ்வரன் அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்தார். "கௌரி தங்கச்சி, அரை மணித்தியாலம்தானே? ஆருக்குத் தெரியப் போகுது? போன்காரன் சொன்னது சொன்னபடி இருக்கட்டுமே. நாங்கள் கேட்டது நாள்."

"நாளையும் அந்த இராசியை வைச்சுத்தான் அண்ணை பாக்கிறது. பிழையான வீட்டிலை சந்திரனை வைச்சிட்டு நான் எப்பிடி நல்ல நாள் சொல்லுறது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சட்டைக்குத் தோளளவு எடுக்காமல் கை வைக்க ஏலாது என்று நான் சொல்லுவதைப் போலத்தான் சொன்னாள்.

குணலட்சுமி அம்மா ரெலிபோனை எடுத்துத் தாரிகாவுக்கு அழைத்தா. ரொறன்ரோவில் விடிகிற நேரம். தாரிகா நித்திரைக் குரலில் வந்தாள். தாய் விசயத்தைச் சொன்னவுடன் நித்திரை போய்விட்டது.

"அம்மா, மல்லாவி எண்டு ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீ எப்ப கேட்டனி? சாட்டிபிக்கெற்றிலை இருக்கிறதைத்தானே போட்டனி."

"எனக்கு அப்ப நாலு வயசு. நுளம்பு கடிச்சது மட்டும்தான் நினைவு. பொறுங்கோ, மாத்திப் போட்டுப் பாக்கிறன்." பிறகு, "ஓம். பதினேழரை. சிவப்பு" என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "கௌரி அக்கா, எனக்கு விளங்கேல்லை. நட்சத்திரம் அதேதான். அரை மணித்தியாலத்திலை எப்பிடி நாலு புள்ளி போகும்?" என்று கேட்டாள்.

கௌரி ரெலிபோனை மேசை நடுவில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றேன். இந்தக் கணக்கை நான் எத்தனையோ தரம் காதால் கேட்டிருக்கிறேன். கண்ணால் பார்த்ததுபோல் விளங்கியது அன்றைக்குத்தான்.

"முப்பத்தாறிலை இருபத்தொரு புள்ளி நட்சத்திரத்துக்கு. தாரை, யோனி, கணம், நாடி. உங்கடை தம்பிக்கும் பிரசாந்திக்கும் அதிலை வந்தது பத்தரை. நாடியிலை மட்டும் முழு எட்டு. நட்சத்திரம் மாறாதபடியால் இந்தப் பத்தரை அசையாது. மிச்சப் பதினைஞ்சும் இராசிக்கு. அதிலை வசியம் ஒண்டு வந்தது, அதுவும் மாறேல்லை. வருணத்துக்கு முந்தி ஒண்டுமில்லை, சுழி. இப்ப ஒண்டு. மற்ற ரெண்டுதான் பெரிய ஆக்கள். பகூட் எண்டு உங்கடை போன் சொல்லுறது எங்கடை இராசிப் பொருத்தம். அதுக்கு ஏழு. கிரக மைத்திரி எண்டது எங்கடை இராசியதிபதிப் பொருத்தம். அதுக்கு அஞ்சு."

"பகூட்டிலை என்ன நடந்தது?"

"பகூட் ஒரு இராசியிலை இருந்து மற்ற இராசியை எண்ணிப் பாக்கிறது. மேடத்துக்குத் துலா ஏழாம் வீடு. நேருக்கு நேர். முழு ஏழு. விருச்சிகம் எட்டாம் வீடு, விருச்சிகத்திலை இருந்து திருப்பி எண்ணினால் மேடம் ஆறாம் வீடு. ஆறுக்கு எட்டு எண்டால் சுழி. ரெண்டுக்குப் பன்னிரண்டுக்கும் சுழி, அஞ்சுக்கு ஒன்பதுக்கும் சுழி. இதுக்கு நடுவிலை ஒண்டும் இல்லை தாரிகா. ஏழு, இல்லாட்டில் சுழி. மூண்டரை தாறன் எண்டு பகூட்டோடை பேரம் பேச ஏலாது."

"அப்ப ஏழும் போச்சு."

"ஏழும் போச்சு. ஆனா மைத்திரியைப் பாரும். மைத்திரிக்குப் படி இருக்குது. அஞ்சு, நாலு, மூண்டு, ஒண்டு, அரை, சுழி. ரெண்டு வீட்டுக்காரர் எவ்வளவு சிநேகிதமோ அவ்வளவு புள்ளி. மேடத்துக்கு வீட்டுக்காரர் செவ்வாய். துலாவுக்குச் சுக்கிரன். இவை ரெண்டு பேரும் பகையும் இல்லை, உறவும் இல்லை. ஒழுங்கையிலை கண்டால் தலையாட்டிப் போட்டுப் போற ஆக்கள். அதுக்கு மூண்டு. விருச்சிகத்துக்கு வீட்டுக்காரர் ஆர்?"

கேதீஸ்வரன் அண்ணை மெதுவாகச் சொன்னார். "செவ்வாய்."

"செவ்வாய்தான். ரெண்டு வீடும் ஒரு ஆளின்ரை. முழு அஞ்சு. போனது ஏழு. வந்தது மைத்திரியிலை ரெண்டு, வருணத்திலை ஒண்டு. அதாலைதான் நாலு குறைஞ்சது."

தாரிகா ரெலிபோனில் கேட்டாள்: "அக்கா, இப்ப வேறை ஒரு இணையத்தளத்திலை போட்டுப் பாத்தன். அதிலை இருபத்திநாலரை எண்டு வருது. பச்சை. 'ஒரே அதிபதி, பகூட் தோசம் நீங்கியது' எண்டு போட்டு ஏழையும் திருப்பிக் குடுத்திருக்கிறான். இதை எடுப்பமோ?"

கேதீஸ்வரன் அண்ணை நிமிர்ந்து இருந்தார். "பாத்தீங்களோ! இருபத்திநாலரை! முந்தினதிலும் மூண்டு கூட!"

கௌரி தலையை ஆட்டினாள். "அப்பிடிக் குடுக்கிற ஆக்கள் இருக்கினம். நான் குடுக்கிறேல்லை. எண்ணினால் ஆறும் எட்டும்தான் வருது, அதுக்குச் சுழிதான் புள்ளி. நான் பதினேழரை எண்டுதான் எழுதுவன்."

"அப்ப தோசம்தானே?" என்றா குணலட்சுமி அம்மா. வந்ததற்குப் பிறகு முதல் தடவையாக அவவின் குரல் கீழே போயிருந்தது.

"இல்லையம்மா. அதைத்தான் நீங்கள் நல்லாக் கேக்க வேணும். ஆறும் எட்டும் கூடாது எண்டதுக்குக் காரணம், ரெண்டு வீடும் ஒண்டுக்கொண்டு ஒத்துவராது எண்ட பயம். இஞ்சை ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஆள் உடையவர். தன்ரை வீட்டோடை தானே சண்டை பிடிப்பாரோ? எல்லாப் புத்தகமும் இந்த இடத்திலை தோசமில்லை எண்டுதான் சொல்லுது. புள்ளி குறைஞ்சதும் உண்மை. பயம் இல்லை எண்டதும் உண்மை. ரெண்டையும் ஒரு இலக்கமாக்கச் சொன்னால் என்னாலை ஏலாது."

அவள் அதோடு நிறுத்தவில்லை. விரலால் மேசையில் ஒரு கோடு கீறினாள். "நான் இதைப் பாக்கேக்கை எல்லாம் மயிர் கூச்செறியும் அம்மா. சந்திரன் இந்தக் கோட்டைத் தாண்டினது ஒரே ஒருக்கா. அந்த ஒரு காலடிதான் ஏழைப் பறிச்சது. அதே காலடிதான் அஞ்சை நிரப்பினது, அந்தப் பயத்தையும் நீக்கினது. எடுத்ததும் குடுத்ததும் ரெண்டு இடத்திலை நடக்கேல்லை."

இது என் தங்கச்சி. கொடிகாமம் போகிற வழியில் கால் நோகுது என்று என் முதுகில் ஏறியவள். நான் சட்டை தைக்கும்போது உள்ளே கால் இஞ்சித் துணி கூட விட்டுத்தான் தைப்பேன், உடம்பு பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். அந்தக் கோட்டில் அப்படி விட்டுவைக்க ஒரு நூலிழை இடமும் இல்லை. இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் வேறு வீடு, வேறு உடையவர். அதை இவள் ஒரு மணிக்கூட்டைப் பற்றிக் கேட்டுக் கண்டுபிடிக்கிறாள்.

குணலட்சுமி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. பிறகு ஒருவரும் நினைக்காத ஒன்றைக் கேட்டா.

"பிள்ளை, முந்தி நாங்கள் வேண்டாமெண்டு விட்ட ரெண்டு பிள்ளையள். அந்தக் கணக்கும் துலா எண்டு வைச்சுத்தானே பாத்தது?"

"ஓம் அம்மா."

"அதுவும் பிழையோ?"

"இலக்கம் பிழையாத்தான் இருக்கும். கூடியும் இருக்கலாம், குறைஞ்சும் இருக்கலாம். அவையின்ரை குறிப்புப் பாக்காமல் சொல்ல ஏலாது. பாக்கிறதோ?"

"வேண்டாம்." உடனே சொன்னா. "ஒரு பிள்ளை கலியாணம் கட்டி இப்ப கைக்குழந்தையும் இருக்குது. மற்றது பிரான்சுக்குப் போட்டுது. நல்லா இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "மச்சாள்மாருக்கு முன்னாலை 'பதினெட்டுக்குக் கீழை எடுக்க மாட்டன்' எண்டு எவ்வளவு கதை கதைச்சிட்டன்" என்றா.

"அம்மா, எனக்கும் அதுதான்" என்றாள் ரெலிபோனில் தாரிகா. "தம்பிக்கு நான் எண்ணிப் பாத்த வானம் வேறை வானம்."

கேதீஸ்வரன் அண்ணை தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்திருப்பார். குணலட்சுமி அம்மா எழும்பினா. "எனக்கு ஒருக்கா வெளியிலை போகவேணும்" என்றா. மேசையில் கிடந்த ரெலிபோனை எடுத்து, செருப்பைக் காலில் கொழுவிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினா. போகத்தான் போறா என்று நான் நினைத்தேன். ஓட்டோக்காரனும் அப்படித்தான் நினைத்து ஸ்ராட் பண்ணினான்.

அவ கேற்றுக்குப் போகவில்லை. முற்றத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தா. பின்னேர வெயில் இன்னும் சரியவில்லை. கிழக்கே, பக்கத்து வீட்டுத் தண்ணித் தாங்கிக்கு மேலே, வளர்பிறைச் சந்திரன் கழுவின சீலைத்துண்டு மாதிரி வெளுத்துப்போய் நின்றது. பகலில் சந்திரனை ஆர் பார்க்கிறது? நாங்கள் மூன்று பேரும் அவவுக்குப் பின்னால் போய் நின்றோம். தாரிகாவும் ரெலிபோனுக்குள் இருந்தாள்.

"பிள்ளை கௌரி, அரை மணித்தியாலத்திலை உவர் எவ்வளவு தூரம் போவார்?"

"கிழக்கிலை எழும்பி மேற்கிலை போறதைக் கேக்கிறியளோ? அது எல்லா நட்சத்திரமும் அவரோடை சேந்து போகும். நட்சத்திரங்களுக்கு நடுவிலை அவர் தனிய நகருறது வேறை. அது ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்டத் தன்ரை முழு உருவத்தின்ரை அகலம். அரை மணித்தியாலத்துக்கு அதிலை பாதி."

"பாதியோ?"

"பாதிதான் அம்மா."

குணலட்சுமி அம்மா வலது கையை நீட்டி, சுண்டுவிரல் நுனியால் சந்திரனை மறைத்துப் பார்த்தா. முழுவதும் மறைந்துவிட்டது. விரலைக் கொஞ்சம் விலக்கினா. பாதி வெளியே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றா. ஓட்டோக்காரன் எஞ்சினை நிறுத்தினான்.

"இவ்வளவோ?" என்றா. எங்களில் ஒருவரிடம் கேட்டது போலத் தெரியவில்லை. "அண்டைக்கு அந்தக் கொட்டிலிலை நான் நோவிலை கத்திக்கொண்டு கிடக்கேக்கை, மேலை உவர் இவ்வளவுதான் நகந்தவர். அதுக்குள்ளை வீடு மாறியிட்டார். அந்த மனுசன் பிள்ளையைப் பாக்காமல் மணிக்கூட்டைப் பாத்ததுக்கு நான் எத்தினை வருசம் ஏசினனான்."

கௌரி அவவின் கையைப் பிடித்தாள். இருவரும் கொஞ்ச நேரம் நிமிர்ந்தபடி நின்றார்கள். எனக்கும் கழுத்து நொந்தது. ஆனாலும் தலையைக் குனிய மனம் வரவில்லை. நல்லூர்த் தேருக்குப் போய்க் கூட்டத்தில் நின்று பார்க்கும்போது வருமே ஒரு மனம், அது எங்கள் முற்றத்தில் பட்டப்பகலில் வந்தது.

பிறகு அவ கையை இறக்கி, கேதீஸ்வரன் அண்ணையைத் திரும்பிப் பார்த்தா.

"சம்மந்தி, ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறியள்? வெங்காயம் அழுகிப்போன மாதிரி."

"இல்லை அக்கா... பதினேழரை எண்டபடியால்..."

"பதினேழரைதான். அரை குறைஞ்சால் குறைஞ்சதுதான். நான் கூட்டிச் சொல்ல மாட்டன், ஒளிக்கவும் மாட்டன். எங்கடை ஆக்கள் கேட்டால் பதினேழரை எண்டுதான் சொல்லுவன். மிச்சத்தை இந்தப் பிள்ளை சொன்ன மாதிரிச் சொல்லுவன், ரெண்டு வீட்டுக்கும் ஒரு ஆள்தான் உடையவர் எண்டு." ரெலிபோனை உயர்த்திப் பிடித்தா. "தாரிகா, கேட்டதே?"

"கேட்டது அம்மா. நான் அழுறன், கதைக்கேலாது."

"அழு. பிறகு அந்தச் சிவப்பை அழிச்சு விடு."

உள்ளே வந்து இருந்தா. கௌரியிடம் பேனை வாங்கி, மகனின் பழைய குறிப்பில் பிறந்த நேரம் எழுதின இடத்தில் தன் கையாலேயே 'மல்லாவி, பழைய நேரம்' என்று எழுதினா. எழுத்துத் தெளிவாக இருந்தது. பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, வந்தபோது கேட்டதையே திரும்பவும் கேட்டா.

"சரி பிள்ளை. இப்ப விருச்சிகம் எண்டு வைச்சு நாளைப் பாரும். எப்ப வருது?"

கௌரி பஞ்சாங்கத்தைத் திறந்தாள். நான் திரைக்குப் பின்னால் போய், மாம்பழ நிறத் துணியை எடுத்து, மெசினை மிதிக்கத் தொடங்கினேன்.